ஏழு நாளுக்கு உட்பட்டவர்கள்

லுத்ஃபுன்னேசாவிடம் "டீயும் பிஸ்கட்டும் எப்படி இருக்கு?" என்று கேட்டவர்கள் பாடு திண்டாட்டம்தான். "ஒரே கேள்வியில ரெண்டு விஷயம் கேக்கறீங்க. டீ நல்லாருக்கு, பிஸ்கட் நமுத்துப் போச்சு. இத எந்தக் கட்டத்துல எழுதுவீங்க?" என்பாள். டாக்கா மொஹம்மதுபூரில் அவள் வேலை பார்த்த ஆய்வு நிறுவனத்தில் இதைக் கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் காது புளித்துவிட்டது. வீட்டிலும் இதே கதைதான். "அடிக்கடி தலைவலி வருது" என்று புருஷன் குத்தூஸ் சொன்னால், "அடிக்கடின்னா? போன ஏழு நாள்ல எத்தன நாள்?" என்று திருப்பிக் கேட்பாள். அந்த மனுஷன் பாவம், தலைவலியை வெளியே சொல்வதையே விட்டுவிட்டார்.

இந்தக் கிறுக்கு பிறவியில் வந்ததல்ல, பட்டு வந்தது. பத்தொன்பது வயதில் வேறொரு அலுவலகத்தில் காகிதப் படிவங்களைக் கணினியில் ஏற்றும் வேலைக்குச் சேர்ந்தாள். எங்கோ ஏசி அறையில் உட்கார்ந்து யாரோ பெரிய படிப்பாளி கேள்வி எழுதியிருப்பார். அதற்கு வந்த பதில்களோடு மல்லுக்கட்டியது இவள். பிள்ளைகள் எத்தனை என்று கேட்டால் "மூணு, நாலு இருக்கும்" என்று ஒரு படிவம். நிலம் எவ்வளவு என்றால் ஒருவர் பிகாவில் சொல்லியிருப்பார், ஒருவர் கானியில், இன்னொருவர் "அல்ஹம்துலில்லாஹ், போதும்" என்றிருப்பார். கானி வேறு மாவட்டத்துக்கு மாவட்டம் அளவு மாறும். அட்டவணையில் எண்ணுக்கு ஒரு பத்தி, அளவைக்கு ஒரு பத்தி என்று பிரித்துக் கேட்டிருந்தால் பத்து நிமிட வேலை. கேட்காததால் இரண்டு மாதம் மாவட்டப் பட்டியலை வைத்துக்கொண்டு மாரடித்தாள். எங்கே தண்ணீர் எடுக்கிறீர்கள் என்ற கேள்விக்கு ஒரே கட்டத்தில் "1,3,5" என்று குறியீடுகள் வரும். அதை எந்தக் கணினி கூட்டும்? குழாய்க்கு ஆம் இல்லை, குளத்துக்கு ஆம் இல்லை, கிணற்றுக்கு ஆம் இல்லை என்று தனித்தனிப் பத்தியாக அவளே உடைத்து ஏற்றினாள்.

எல்லாவற்றையும்விட அவள் வெறுத்தது வெற்றுக் கட்டத்தை. காலியாக விட்டிருந்தால் என்ன அர்த்தம்? இல்லை என்றா, தெரியாது என்றா, சொல்ல மறுத்தார்களா, அந்தக் கேள்வியே அவர்களுக்குப் பொருந்தாதா, கேட்க மறந்து தொலைத்தார்களா? ஐந்தும் ஐந்து விஷயம். வெற்றுக் கட்டத்தைச் சுழியமாக எண்ணிக் கூட்டிய ஒரு புண்ணியவான், ஒரு தாலுகா முழுக்க ஆடு மாடே இல்லை என்று அறிக்கை எழுதியதை அவள் கண்ணால் பார்த்தவள். அதனால் அவள் படிவம் எழுதும் இடத்துக்கு உயர்ந்தபோது முதல் சட்டமாக அதைத்தான் போட்டாள். வெற்றுக் கட்டம் கூடாது. தெரியாதா, 98 போடு. மறுத்தார்களா, 97. அதுவும் வயதுக் கேள்வியில் 98 கூடாது, தொண்ணூற்றெட்டு வயதுக் கிழவி யாராவது இருந்து தொலைப்பாள், அங்கே 998. காகிதம் போய் டேப்லெட் வந்தபிறகு கேட்கவே வேண்டாம். கட்டத்தை நிரப்பாமல் அடுத்த கேள்விக்குப் போகவே முடியாதபடி பூட்டிவிட்டாள்.

அவள் படிவத்திலிருந்து வரும் பத்திகள் பளிச்சென்று இருக்கும். புள்ளிவிவரக்காரர்கள் அவளைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். ஆனால் வேலை மட்டும் பதினெட்டு வருடமாக ஒப்பந்த வேலை. ஒவ்வொரு ஜூன் முப்பதாம் தேதியும் ஒப்பந்தம் முடியும், நீட்டுவார்களா என்று காத்திருக்க வேண்டும். குத்தூஸ் முதுகுத்தண்டு போய் வீட்டோடு இருந்தார். நிரந்தரம் ஆனால் ஆஸ்பத்திரிச் செலவு நிறுவனத்தோடு போகும். அந்த வருடம்தான் இயக்குநர் மாஹ்ஃபூஸ் வாயைத் திறந்தார்.

"நேத்ரகோணா ஹாவோர் ஏரிப் பக்கம் தாய் சேய் கணக்கெடுப்பு ஒண்ணு வருது லுத்ஃபா. பெரிய வேலை. அரசாங்கம் கைக்குழந்தை சிகிச்சை அறை எந்தெந்த ஊர்ல வைக்கறதுன்னு இத வெச்சுத்தான் முடிவு பண்ணப்போகுது. சோதனைச் சுற்று சுத்தமா வந்துச்சுன்னா, தரவுப் பிரிவுத் தலைவர் நீங்கதான். நிரந்தரம். கடிதம் அடிச்சு மேஜைக்குள்ள வெச்சுட்டேன், கையெழுத்துதான் பாக்கி."

சோதனைச் சுற்று சுத்தமாகத்தான் வந்தது. எட்டுப் பெண்கள் படகில் ஊர் ஊராகப் போய் இருநூற்றுப் பன்னிரண்டு தாய்மாரிடம் கேட்டு வந்தார்கள். ஒரு வெற்றுக் கட்டம் இல்லை. ஒரு முரண் இல்லை. பணம் கொடுக்கும் வெளிநாட்டுக்காரர்கள் பார்த்துவிட்டு இப்படி ஒரு சோதனைச் சுற்றை வாழ்க்கையில் கண்டதில்லை என்று எழுதினார்கள். மாஹ்ஃபூஸ் அந்தக் கடிதத்தை உணவு மேஜையில் எல்லோருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினார். வருகிற ஞாயிற்றுக்கிழமை பெரிய கணக்கெடுப்பு தொடங்க வேண்டியது.

திங்கட்கிழமை காலை லுத்ஃபா பொரியைக் கொறித்துக்கொண்டே, சும்மா ஓர் ஆசைக்கு, அட்டவணைகளைப் போட்டுப் பார்த்தாள். அறுநூற்று நாற்பது பிறப்புகள். இறந்த பிள்ளைகள் இருபத்தொன்று. எந்த வயதில் இறந்தார்கள் என்று பிரித்தாள். இரண்டு வயது, பதினாலு மாதம், ஐந்து மாதம், இருபது நாள். ஏழு நாளுக்கு உட்பட்டவர்கள் என்ற வரியில் சுழியம் நின்றது.

பொரிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். ஆறு மாதம் தண்ணீர் சூழ்ந்து கிடக்கிற ஊர்கள், டாக்டரைப் பார்க்க மூன்று மணி நேரம் படகு. அங்கே அறுநூற்று நாற்பது குழந்தை பிறந்து முதல் வாரத்தில் ஒன்றுகூடப் போகவில்லையாம். பெரிய நகரத்து ஆஸ்பத்திரியிலேயே நடக்காதது இது. பதிமூன்றோ பதினான்கோ இருக்க வேண்டும் என்று அவள் விரல் கணக்கே சொன்னது.

டேப்லெட்டில் ஒரு வசதி உண்டு. யார் எந்தப் பதிலை எத்தனை மணிக்குப் போட்டார்கள், எதை அழித்து எதை மாற்றினார்கள் என்று ஒரு குறிப்பேடு பின்னால் தானாக எழுதிக்கொண்டே இருக்கும். அதை யாரும் திறப்பதில்லை. லுத்ஃபா திறந்தாள். "உயிரோடு பிறந்து பிறகு இறந்த பிள்ளைகள் எத்தனை?" என்ற கேள்வியைத் தேடிப்பிடித்தாள். பதினேழு படிவங்களில் முதலில் 1 என்று போட்டு, இருபது நிமிடம் கழித்துத் திரும்பி வந்து 0 ஆக்கியிருந்தார்கள். பதினேழிலும் இதேதான், எட்டுப் பெண்களுமே செய்திருந்தார்கள். ஆறு படிவம் ஷியுலியுடையது.

ஷியுலி கணக்கெடுப்புப் பெண்களில் சூட்டிகையானவள், மைமன்சிங்கிலிருந்து வந்தவள், லுத்ஃபாவை ஆபா, அக்கா என்றுதான் கூப்பிடுவாள். கூப்பிட்டு எதிரே உட்காரவைத்து டேப்லெட்டைக் கையில் கொடுத்தாள்.

"இந்த வீட்ல என்ன நடந்துச்சுன்னு அப்படியே செஞ்சு காட்டு. நான்தான் அந்த அம்மா. எனக்கு மூணு பிள்ளை உயிரோட இருக்கு, ஒண்ணு பொறந்து மூணாம் நாள் போயிடுச்சு."

ஷியுலியின் முகம் வெளிறியது. "ஆபா, நான் வேணும்னு செய்யல..."

"திட்டக் கூப்பிடலடி. செஞ்சு காட்டு."

ஷியுலி தட்டினாள். இருக்கிற பிள்ளைகள் மூன்று. இறந்தது ஒன்று. மொத்தம் நான்கு என்று டேப்லெட்டே கூட்டியது. அடுத்து ஒவ்வொரு பிறப்புக்கும் ஒரு வரிசை. முதல் பிள்ளைக்குப் பெயர் போட்டாள், பிறந்த மாதம், வருடம் போட்டாள். இரண்டாவது வரிசைக்கு வந்ததும் நின்றுவிட்டாள். வரிசையின் முதல் கட்டம் பெயர். அதை நிரப்பாமல் பக்கத்துக் கட்டம் திறக்காது.

"பேர் இல்ல ஆபா. அகீகா ஏழாம் நாள்தானே. அன்னிக்குத்தான பேர் வைப்பாங்க. இது மூணாம் நாளே போயிடுச்சு. பேர் வைக்காமலே பொதைச்சுட்டாங்க."

"98 போட்டிருக்கலாமே?"

"பேர்க் கட்டத்துல எண் ஏறாது. நீங்கதான் பூட்டுனீங்க."

"ஒரு எக்ஸாவது போட்டிருக்கலாமேடி!"

ஷியுலி அவளை நிமிர்ந்து பார்த்தாள். பார்த்த பார்வையிலேயே லுத்ஃபாவுக்கு நினைவு வந்துவிட்டது. பயிற்சியின் முதல் நாள் இந்தப் பெண்தான் பெயர்க் கட்டத்தில் "x" என்று போட்டிருந்தாள். லுத்ஃபா அதைத் திரையில் பெரிதாக்கிக் காட்டி, "இது பிள்ளையா, கணக்குப் பரீட்சையா? இவளுக்குக் கல்யாணம் ஆனா புருஷனுக்கும் எக்ஸ்னு பேர் வைப்பா போல" என்று சொல்ல, அறையே விழுந்து விழுந்து சிரித்தது. பெயர்க் கட்டத்தில் குப்பை போட்டால் அன்றைய கூலி கிடையாது என்றும் சொல்லியிருந்தாள். அன்று ஏன் x போட்டாய் என்று மட்டும் கேட்கவில்லை.

"அப்புறம் என்ன பண்ணுன?"

"அந்த வரிசைய விட்டுட்டு மத்த ரெண்டையும் போட்டேன். மொத்தம் நாலுன்னு சொன்னீங்க, மூணு வரிசைதான் இருக்கு, சரிபாருங்கன்னு செவப்புல வந்துச்சு. படிவத்த மூடவே விடல. வெளில படகுக்காரன் கத்தறான். அதனால திரும்பிப் போய் ஒண்ண அழிச்சு சுழியம் போட்டேன். உடனே பச்சை வந்துடுச்சு." டேப்லெட்டை மேஜையில் வைத்தாள். "எல்லாரும் அப்படித்தான் ஆபா பண்ணோம்."

லுத்ஃபாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. பெயரைக் கட்டாயமாக்கியதற்கு அவளிடம் காரணம் இருந்தது. பின்னால் வரும் கேள்விகளில் "ரஃபீக் உயிரோடு இருக்கிறானா?" என்று டேப்லெட் அந்தப் பெயரைச் சேர்த்துக் கேட்கும்; பெயர் இல்லாவிட்டால் எந்த வரிசை எந்தப் பிள்ளை என்று குழம்பும். மொத்தமும் வரிசையும் ஒத்துப்போக வேண்டும் என்பதும் நல்ல சட்டம்தான். தனித்தனியாக இரண்டும் சரி. இரண்டையும் சேர்த்து வைத்தபோது, பெயர் வைப்பதற்குள் செத்துப்போன பிள்ளைக்கு அந்தப் படிவத்தில் நுழைய வழியே இல்லாமல் போயிற்று. காகிதக் காலத்தில் இப்படி ஆகாது. பெயருக்குரிய இடத்தில் "குழந்தை" என்று கிறுக்கிவிட்டு மேலே போவார்கள். அவளே அப்படி நூற்றுக்கணக்கில் கணினியில் ஏற்றியிருக்கிறாள். அதை எப்படி மறந்தோம் என்று நினைக்க நினைக்க அவளுக்கு அவமானமாக இருந்தது.

லுத்ஃபா சொன்னதைக் கேட்டுவிட்டு மாஹ்ஃபூஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பதினேழுதானே?"

"இருநூத்திப் பன்னண்டுல பதினேழு சார். பெரிய சுற்றுல ஒம்பதாயிரம் வீடு. எழுநூறுக்கு மேல காணாமப் போகும். கைக்குழந்தையே சாகாத ஊருக்குக் கைக்குழந்தை அறை எதுக்குன்னு கேப்பாங்க."

"சரி, படிவத்த மாத்துங்க. யாரு வேண்டாம்னா? ஆனா அறிக்கையில எப்படி எழுதறதுன்னு ஒண்ணு இருக்கு." நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "களப்பணியாளர்கள் பதிலை மாத்துனாங்கன்னு எழுதுவோம். பொய் இல்லையே? மாத்துனது அவங்கதானே? குறிப்பேடே சாட்சி. அந்த எட்டுப் பேரையும் நிறுத்திட்டு வேற ஆள் எடுப்போம். ஞாயித்துக்கிழமையே தொடங்கிடலாம். கடிதமும் மேஜைக்குள்ளயே இருக்கும்."

"படிவம்தான் சார் தப்பு."

"படிவம் தப்புன்னா, எழுதுனது நீங்க. அப்புறம் உங்கள எப்படிப் பிரிவுத் தலைவரா ஆக்கச் சொல்லி நான் மேல கேக்க முடியும்? குத்தூஸ் பாயோட முதுக நெனச்சுப் பாருங்க. மொதல்ல அந்தப் பதினேழு வீட்டுக்கும் மறுபடி போய்ப் பாருங்க. ஒருவேள அங்க குழந்தையே இல்லாம இருக்கலாம். வியாழக்கிழமைக்குள்ள எனக்கு எழுதுங்க."

ஆக, தன் படிவம் தப்பு என்பதற்கான சாட்சியைத் தானே படகேறிப் போய்ச் சேகரித்து வர வேண்டும். குழந்தை இல்லை என்று ஆகிவிட்டால் வேலை நிரந்தரம். அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது குத்தூஸிடம் சொன்னாள். அவர் கிச்சடியைப் பிசைந்துகொண்டே, "இல்லன்னு ஆகணும்னு துஆ கேக்கவா, இருக்குன்னு ஆகணும்னு கேக்கவா?" என்றார். "ஒரே கேள்வியில ரெண்டு விஷயம்" என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குப் பதில் அவர் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தாள்.

ஷியுலியோடு நேத்ரகோணா போகிற ராத்திரிப் பேருந்திலேயே படிவத்தை மாற்றினாள். வரிசைக்கு அடையாளம் இனிப் பெயர் அல்ல, எண். முதல் கட்டத்தில் டேப்லெட்டே 1, 2, 3 என்று போட்டுக்கொள்ளும். அடுத்த கட்டம்: பெயர் வைத்தார்களா? ஆம் 1, இல்லை 2. இரண்டு என்றால் பெயர்க் கட்டம் தானாக மறைந்துவிடும், பின்னால் வரும் கேள்விகளில் "இரண்டாவதாகப் பிறந்த குழந்தை" என்று வரும். இறந்த வயதுக்கு இரண்டு பத்தி, ஒன்று அலகு, ஒன்று எண். ஒரு மாதத்துக்குள் என்றால் நாளில், இரண்டு வருடத்துக்குள் என்றால் மாதத்தில், அதற்குமேல் வருடத்தில். பிறந்த நாளே போயிருந்தால் நாள், 00. சுழியத்துக்கும் வெறுமைக்கும் வித்தியாசம் கெடக் கூடாது. கடைசியாக ஒரு கேள்வியும் சேர்த்தாள்: அழுதோ அசைந்தோ மூச்சுவிட்டோ கொஞ்ச நேரமே இருந்து போன குழந்தை ஏதாவது உண்டா? மொத்தமும் வரிசையும் ஒத்துப்போக வேண்டும் என்ற சட்டத்தில் மட்டும் கைவைக்கவில்லை.

செவ்வாயும் புதனுமாகப் பதினாறு வீடு முடித்தார்கள். ஷியுலி கேட்டாள், லுத்ஃபா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். ஒரு குழந்தை பிறக்கும்போதே உயிரில்லாமல் பிறந்தது. அது வேறு கணக்கு, வேறு கேள்வியில் போகும். ஒரு வீட்டில் உண்மையிலேயே விரல் தவறித் தட்டியது. மற்ற பதினான்கிலும் குழந்தை இருந்தது. ஒரு நாள், மூன்று நாள், ஐந்து நாள் இருந்த குழந்தைகள். ஒவ்வொரு வரிசை நிறையும்போதும் மேஜைக்குள் இருக்கும் கடிதம் அவள் கண்முன் வந்து போனது. அதை மறைத்து என்ன பயன்? அவளுக்கு வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது.

புதன்கிழமை மாலை தாலுகா விருந்தினர் விடுதியிலிருந்து மாஹ்ஃபூஸுக்கு எழுதினாள். பதினாறில் பதினான்கு உறுதி. காரணம்: பெயர்க் கட்டம் கட்டாயமாக்கப்பட்டதும், பயிற்சியில் கொடுத்த அறிவுரையும். பொறுப்பு என்ற இடத்தில் லுத்ஃபுன்னேசா கானம் என்று தன் பெயரைப் போட்டாள். களப்பணியாளர்கள் எட்டுப் பேரும் தொடரலாம். ஒரு வாரம் தள்ளித் தொடங்க வேண்டும்.

பதில் பத்து நிமிடத்தில் வந்தது. "ஒரு வாரம் தள்ளுகிறேன். பெண்கள் இருக்கட்டும். உங்கள் விஷயத்தை அடுத்த ஜூனில் பார்ப்போம்." பதினெட்டு ஜூன் பார்த்தவளுக்கு அதன் அர்த்தம் தெரியும். டேப்லெட்டைச் சார்ஜில் போட்டுவிட்டு, ஷியுலியோடு சாப்பிடக் கை கழுவச் சென்றாள்.

வியாழக்கிழமை காலை பதினேழாவது வீடு. அம்பியா காத்தூன் வாத்துகளைத் தண்ணீரில் இறக்கிவிட்டு வந்து, ஷியுலியைப் பார்த்ததும் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"நீயா? அழிச்சுட்டுப் போனவதானே?"

ஷியுலி டேப்லெட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாது, கண்ணு தெரியும். அந்தப் பிள்ளையப் பத்தி நான் சொன்னேன், ஒத்தக் கோடு போட்ட. அப்புறம் படகுக்காரன் கூப்பிட்டதும் அந்தக் கோட்ட அழிச்சுட்டு ஒரு வட்டம் போட்ட. நான் ஒண்ணும் கேக்கல. ஏழு நாள் இருக்காத பிள்ளைய சர்க்கார் சேத்துக்காது போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

லுத்ஃபா முன்னால் வந்தாள். "அவ மேல தப்பில்ல தங்கச்சி. அந்தப் பெட்டிய அப்படிச் செஞ்சு வெச்சது நான். எழுத எடமே வெக்கல. இப்ப வெச்சிருக்கேன். மறுபடி சொல்றீங்களா?"

அம்பியா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பாயை உதறிப் போட்டாள். அன்று மட்டும் லுத்ஃபாவே கேட்டாள். முதல் பிள்ளை, ஆண், பெயர் தாராமியா. இரண்டாவது?

"பொண்ணு. பேர் இல்ல."

"எத்தன நாள் இருந்துச்சு?"

"நாள் எங்க? சாயங்காலம் அஸர் பாங்கு சொல்றப்போ பொறந்துச்சு. ஒரு தடவ நல்லா அழுதுச்சு. படகு பிடிக்கறதுக்குள்ள முடிஞ்சுடுச்சு."

நாள், 00. மூன்றாவது, நான்காவது பிள்ளைகளின் வரிசைகளும் நிறைந்தன. எல்லாம் முடிந்ததும் திரையில் சிவப்பு வரவில்லை. லுத்ஃபா டேப்லெட்டை அம்பியா பக்கம் திருப்பி, ஒவ்வொரு வரிசையாக விரல் வைத்து வாசித்தாள்.

"ரெண்டாவது வரிசை. பேர் வைக்கல. பொண்ணு. உயிரோட பொறந்துச்சு, அன்னிக்கே போயிடுச்சு."

"இத இனிமே யாராச்சும் அழிப்பாங்களா?"

"அழிக்க முடியாது. இந்த ஒண்ண எடுத்தா மொத்தம் ஒத்துவராதுன்னு பெட்டியே கத்தும்."

அம்பியா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு திரையையே பார்த்திருந்தாள். கடைசிக் கேள்வி ஒன்று பாக்கி இருந்தது. எல்லாப் படிவத்திலும் வரும் சரிபார்க்கும் கேள்விதான். லுத்ஃபா அதை எழுதியிருந்தபடியே கேட்டாள்.

"உங்களுக்கு மொத்தம் நாலு பிள்ளைங்க பொறந்திருக்காங்க. சரியா?"

அம்பியா விரல் மடக்கி நான்கையும் எண்ணினாள்.

"பன்னண்டு வருஷமா எல்லார்கிட்டயும் மூணுன்னுதான் சொல்லிட்டிருக்கேன்" என்றாள் அம்பியா. "நாலு. சரிதான். எழுதிக்கோங்க."